ஏழாயிரம் ரூபாயில் வாடகை வீட்டுக்கு ஸ்மார்ட் பிளக்கும் ஸ்பீக்கரும்: எக்கோவா, நெஸ்டா, இரண்டும் வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமேசான் எக்கோ நல்லதா, கூகுள் நெஸ்ட் நல்லதா என்று நாள்கணக்கில் அலசிவிட்டு, பிளக்கை மட்டும் விலை குறைவானதாகப் பார்த்துக் கடைசி நிமிடத்தில் வாங்குகிறார்கள். வாடகை வீட்டைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாயிரம் வாட் கீசரின் மின்சாரத்தைத் தாங்கி நிற்கப்போவது பிளக். அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சுவரில் இருக்கும் சாக்கெட் கருகும். அதற்கான கணக்கை வீட்டு உரிமையாளர் உங்கள் அட்வான்ஸில்தான் பார்ப்பார்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு, அதில் கணவன், மனைவி, வயதான அம்மா. குளியலறைக்கு 15 லிட்டர் கீசர், கூடத்தில் ஒரு மேசை விளக்கு, படுக்கையறையில் கொசுவிரட்டி. செலவழிக்க 7,000 ரூபாய். சுவிட்ச் போர்டைத் திறந்து உள்ளே எதையும் பொருத்த உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். ஆகவே செருகி எடுக்கக்கூடியவை மட்டும்தான்.

முதலில் பிளக்: 10 ஆம்பியரா, 16 ஆம்பியரா?

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். மெல்லிய கால்கள் கொண்ட 10 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 700 முதல் 1,000 ரூபாய். தடித்த கால்கள் கொண்ட 16 ஆம்பியர் பிளக் 1,000 முதல் 1,500 ரூபாய். விப்ரோ, டிபி-லிங்க் டாப்போ, கியூபோ போன்றவை எளிதாகக் கிடைக்கும் பெயர்கள். பெயரைவிடப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியரும் வாட்டும்தான் முக்கியம்.

10 ஆம்பியர் பிளக்கில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. அதன் மெல்லிய கால்கள் நம் வீடுகளின் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில்தான் பொருந்தும். பிளக் 10 ஆம்பியரைத் தாங்கினாலும் அதன் பின்னால் இருக்கும் சாக்கெட்டின் அளவு 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். அதற்கு மேல் இழுக்கும் 1,500 வாட் மின்கெட்டிலை அங்கே செருகினால் பிளக் பிழைத்துக்கொள்ளும், சாக்கெட் சூடாகும். ஆகவே 10 ஆம்பியர் பிளக்கை விளக்கு, கொசுவிரட்டி, மேசை மின்விசிறி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்தான். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் உடனடி கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் சாக்கெட்டின் உட்புறத் தகடுகள் தளர்ந்து போயிருக்கும். எனவே பொருத்திய முதல் நாளே கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு சுவர் சுவிட்சை அணைத்து, ஈரமில்லாத கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு, சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் வாடை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். உரிமையாளரிடம் தயங்காமல் கேட்கலாம்; அது அவருடைய வீட்டின் பாதுகாப்புக்கான வேலை. சாக்கெட் குளியலறைக்குள், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருந்தால் ஸ்மார்ட் பிளக் வேண்டவே வேண்டாம்.

16 ஆம்பியர் பிளக் வாங்கும்போது மின்அளவீடு காட்டும் வகையையே வாங்குங்கள். கூடுதலாகும் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு முழுப் பயன் கிடைக்கும். நம் 15 லிட்டர் கீசரையே பார்ப்போம். தொட்டித் தண்ணீர் 27 டிகிரியில் இருக்கிறது, 55 டிகிரிக்குச் சூடாக வேண்டும் என்றால் அதற்கு ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் போதும். இரண்டாயிரம் வாட் கீசர் அதைப் பதினைந்தே நிமிடத்தில் செய்துவிடும். செயலியில் 2,000 வாட் என்று காட்டிக்கொண்டிருக்கும் எண், தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் துண்டித்துப் பூஜ்யத்துக்கு அருகில் விழும். எத்தனை நிமிடத்தில் விழுகிறது என்று ஒரு காலையில் கவனித்துக்கொண்டால் உங்கள் கீசருக்கான சரியான நேரம் தெரிந்துவிடும். மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும் மே மாதத்தில் அது குறையும், மார்கழியில் கூடும். அதற்கேற்ப 5.45க்குத் தொடங்கி 6.05க்கு அணையும்படி நேரம் குறித்துவிடலாம். இயக்கத்தில் இருந்தும் தண்ணீர் குளிர்ந்தே கிடந்து, எண் பூஜ்யத்திலேயே நின்றால் கீசரின் சூடேற்றியோ தெர்மோஸ்டாட்டோ பழுது என்று மெக்கானிக் வருவதற்கு முன்பே ஊகிக்கலாம்.

ஏசிக்கு பிளக் ஏற்றதல்ல. கம்ப்ரஸர் ஓடும்போது மின்சாரத்தைப் பட்டென்று துண்டிப்பது அதற்கு நல்லதில்லை. திரும்ப மின்சாரம் கொடுத்தால் தானே இயங்கத் தொடங்குவதும் ரிமோட் அழுத்தும்வரை காத்திருப்பதும் ஏசிக்கு ஏசி மாறும். ரிமோட்டின் வேலையைச் செய்யும் அகச்சிவப்புக் கருவி ஒன்றை அடுத்த கட்டத்தில் வாங்குவதே சரி.

வாங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

இந்தப் பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். கீசர் சாக்கெட் இருக்கும் இடத்தில் நின்று, தொலைபேசியை 2.4 அலைவரிசையில் வைத்து ஒரு காணொளியை ஓடவிட்டுப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய இரண்டு சுவர்களைத் தாண்டி அங்கே சிக்னல் எட்டவில்லையென்றால் எந்த நிறுவனத்தின் பிளக்கும் அங்கே வேலை செய்யாது. பிளக்கின் அகலத்தையும் அளந்து பாருங்கள். நம் போர்டுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருப்பதால், பருமனான பிளக் அதை மறைத்துவிடும்.

மின்தடையை மறந்துவிடக் கூடாது. மின்சாரம் போய் வந்தால் பிளக் சில நொடிகளில் உயிர்பெறும், ரூட்டருக்கோ சில நிமிடங்கள் ஆகும். பொதுவாக இப்பிளக்குகளுக்குள் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்துதான் நேரம் அறியும். அந்த இடைவெளியில் வந்த கட்டளை தவறிப்போகும். கீசரை அணைக்க வேண்டிய நேரம் அந்த இடைவெளியில் விழுந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். எனவே மின்சாரம் திரும்பும்போது ‘அணைந்த நிலை’யில் தொடங்கும்படி அமைக்க வசதியுள்ள பிளக்கைத் தேர்ந்தெடுத்து, கீசருக்கு அப்படியே வையுங்கள். விளக்குக்கு ‘முன்பிருந்த நிலை’ பொருந்தும்.

இனி ஸ்பீக்கர்

எக்கோ பாப் 2023இல் 4,999 ரூபாய்க்கும், நெஸ்ட் மினி 2019இல் 4,499 ரூபாய்க்கும் இந்தியாவில் அறிமுகமாயின. தள்ளுபடிக் காலங்களில் விலை நன்றாகவே இறங்கும். நம் கணக்கில் இதற்கு 4,000 ரூபாய் ஒதுக்கலாம். 16 ஆம்பியர் பிளக்குக்கு 1,300, இரண்டு 10 ஆம்பியர் பிளக்குகளுக்கு 1,600 என்று சேர்த்தால் 6,900 ரூபாயில் முடிகிறது.

பிளக்கை இயக்கும் வேலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேலே சொன்ன நிறுவனங்களின் பிளக்குகள் இரண்டோடும் சேரும். இரண்டுமே மேட்டர் என்னும் பொதுத் தரத்தையும் ஏற்கின்றன. இரண்டுக்கும் இணையம் வேண்டும், இரண்டிலும் பேட்டரி இல்லை. இரண்டுமே இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும்தான் கேட்கும், தமிழில் பேசிப் பயனில்லை. தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கட்டளையைத்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு இந்த நிலை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அந்த அம்மா பயன்படுத்தப்போகிறார் என்றால் இது பெயர் வைக்கும் வேலையாகிறது. பிளக்குகளுக்கு ‘ஹீட்டர்’, ‘லைட்’, ‘குட்நைட்’ என்று அவர் ஏற்கெனவே சொல்லும் சொற்களை வைக்கத் தோன்றும். ஆனால் ‘குட்நைட்’ என்பது ஸ்பீக்கருக்கு வேறொரு கட்டளை. ‘மஸ்கிட்டோ’ என்று மாற்றிவிடுங்கள். ஒலியில் நெருங்கிய இரண்டு பெயர்களைத் தவிர்த்து, ஒவ்வொன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிச் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? உங்கள் தொலைக்காட்சியை வைத்து. அது கூகுள் டிவியாக இருந்தாலோ, குரோம்காஸ்ட் செருகியிருந்தாலோ நெஸ்ட் மினி அதனோடு இயல்பாக இணையும். ஃபயர் டிவி ஸ்டிக் இருந்தால் எக்கோ. இரண்டும் இல்லையென்றால் நான் எக்கோ பாப்பையே சொல்வேன். காரணம், ஒரே சொல்லில் விளக்கு, கொசுவிரட்டி இரண்டையும் இயக்கும் தொடர்கட்டளைகளை அலெக்சா செயலியில் அமைப்பது புதியவர்களுக்கு எளிதாக இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டைப் பாருங்கள். அதில் வெப்பநிலை உணரி இருக்கிறது. அறை 30 டிகிரியைத் தாண்டினால் மேசை மின்விசிறி தானே ஓடும்படி செய்யலாம். பாப்பில் அது கிடையாது.

ஸ்பீக்கரே வேண்டாமா?

மூன்றாவது வழியையும் தீவிரமாகவே எடைபோட வேண்டும். கீசரும் கொசுவிரட்டியும் நேரத்துக்கு இயங்க ஸ்பீக்கர் தேவையில்லை. பிளக்கின் செயலியிலேயே நேரத்தைக் குறித்துவிடலாம். கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீடு, இருவர் கையிலும் தொலைபேசி என்றால், 2,900 ரூபாயோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தில் ஆயிரத்துச் சொச்ச ரூபாயை ரூட்டருக்கான சிறிய 12 வோல்ட் யுபிஎஸ்ஸில் போடுங்கள். ரூட்டரின் அடாப்டரிலும் 12 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்தடைக்குப் பிறகு வரும் அந்தச் சில நிமிடத் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிடும். செயலி திறந்து பொத்தான் தேடுவது சிரமமான, முழங்கால் வலியோடு எழுந்துபோய் விளக்குப் போடும் அம்மா வீட்டில் இருந்தால் ஸ்பீக்கர் அவருக்காகவே வாங்கத் தகுந்தது. நான் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு என் தேர்வு எக்கோ பாப்போடு மூன்று பிளக்குகள்.

வீடு மாறும்போது புதிய ரூட்டரில் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு வகையையும் எழுத்து மாறாமல் அப்படியே வையுங்கள். எல்லாக் கருவிகளும் செருகியவுடன் தாமாகவே இணைந்துகொள்ளும், மறுபடி ஒவ்வொன்றாக அமைக்க வேண்டியதில்லை. உரிமையாளரின் வைஃபையைப் பகிர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர் கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கரை யாருக்காவது விற்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.