பதினான்கு பேர் கொண்ட நிறுவனத்தில் எமோஜி விதிகள்: மூன்றரை ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர்களும் அவற்றின் உதிரிபாகங்களும் விற்று, வீட்டுக்கே சென்று சர்வீஸும் செய்து தரும் பதினான்கு பேர் கொண்ட நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் தொடர்பை நான் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் எழுத்துநடைக் கையேட்டில் எமோஜி பற்றிய ஒன்றரைப் பக்கப் பிரிவு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் நாள்தோறும் அதைப் பயன்படுத்தியவளும் நானே. அதில் எது நிலைத்தது, எதை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதல் வடிவம் எளிமையானது. ஒன்பது எமோஜிகளை அனுமதித்தோம்: 🙏 😊 👍 ✅ 📦 🔧 📍 🎉 ❤️. ஒரு செய்திக்கு ஒன்று மட்டும், அதுவும் செய்தியின் கடைசியில் மட்டும் என்பது இரண்டாவது விதி. கை எமோஜிகளுக்குத் தோல் நிறம் தேர்ந்தெடுக்காமல் இயல்பான மஞ்சளையே விட வேண்டும் என்பது மூன்றாவது விதி. ஒரே நிறுவன எண்ணிலிருந்து ஐந்து பேர் மாறி மாறிப் பதிலளிக்கும்போது, காலையில் ஒரு நிறக் கையும் மாலையில் வேறு நிறக் கையும் வந்தால், பேசுவது யார் என்ற ஐயம் வாடிக்கையாளருக்கு எழுகிறது. இந்த இரண்டு விதிகளும் இன்றுவரை ஒரு சொல்கூட மாறாமல் இருக்கின்றன. பட்டியல்தான் தாங்கவில்லை.

பட்டியலில் இருந்து முதலில் நீங்கியது 😊. அதற்குக் காரணம் எங்கள் ஊழியர் யாருடைய கவனக்குறைவும் அன்று, நாங்கள் விதியைச் செயல்படுத்திய முறை. வாட்ஸ்அப் பிசினஸில் முன்கூட்டியே எழுதிச் சேமித்த பதிலைச் சாய்கோடு போட்டு அழைக்கும் வசதி உண்டு. ஊழியர்கள் விதியை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாதபடி, அனுமதித்த எமோஜிகளை அந்தப் பதில்களுக்குள்ளேயே வைத்துவிட்டோம். /nandri என்று தட்டினால் "தகவலுக்கு நன்றி. பதிவு செய்துவிட்டோம் 😊" என்று வரும். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், கிரைண்டர் தன் தந்தையின் பெயரில் பதிவாகியிருப்பதாகவும், அவர் சென்ற மாதம் காலமாகிவிட்டதால் உத்தரவாதத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எங்கள் பக்கமிருந்து /nandri போய்விட்டது. பெயர் மாற்றக் கோரிக்கைகள் நாளுக்கு மூன்று நான்கு வரும். கை பழக்கத்தில் தட்டிவிடும். அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் மறுநாள் உரையாடலைப் படித்துவிட்டு அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அன்றே எல்லாச் சேமித்த பதில்களிலிருந்தும் எமோஜிகளை எடுத்துவிட்டோம். எமோஜி வேண்டுமானால் அதை ஒவ்வொரு முறையும் ஒருவர் தம் கையால் போட வேண்டும் என்பது அப்போது சேர்ந்த விதி. சேமித்த பதில் வாடிக்கையாளர் எழுதியதைப் படிப்பதில்லை. கையால் போடுகிறவர் போடுவதற்கு முன் ஒரு கணமாவது படிப்பார்.

பட்டியலிலிருந்து நீங்கியவற்றில் அதிகப் பாடம் கற்பித்தது 👍. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் செய்தியின்மேல் நேரடியாக எமோஜியை ஒட்டும் வசதி 2022 மே மாதம் வந்தது. எங்கள் பிரிவோ அதற்கு நான்கு மாதம் முந்தையது. செய்திக்குள் எழுதும் எமோஜியைப் பற்றி மட்டுமே அது பேசியது. ஒட்டும் எமோஜியில் முதலாவதாகவே 👍 நின்றதால் எங்கள் டெக்னீஷியன்கள் அதை உடனே பழகிக்கொண்டார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. படித்துவிட்டேன் என்பதைத் தட்டச்சு செய்யாமலேயே தெரிவிக்கலாம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், சிங்காநல்லூர் வாடிக்கையாளர் ஒருவர் "வியாழன் காலை பத்து மணிக்கு வர முடியுங்களா? அன்னைக்கு லீவு போட்டுக்கறேன்" என்று கேட்டிருந்தார். டெக்னீஷியன் 👍 ஒட்டினார். அவர் கருதியது, கேள்வியைப் பார்த்துவிட்டேன், அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பது. வியாழனன்று அவருக்கு வேறு தடத்தில் வேலை ஒதுக்கியிருந்தது. பதினொன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. "ஏனுங்க, கட்டைவிரல் காட்டுனீங்களே, வர்றோம்னுதானுங்களே அதுக்கு அர்த்தம்?" என்றார். அவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்திருந்தார். அதற்கு முந்தைய இரண்டு முறையும் அதே டெக்னீஷியன் அதே 👍-ஐ அனுப்பிவிட்டுச் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறார் என்பதை உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் கண்டேன். வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நாங்கள்தான் அந்தக் குறிக்கு அந்தப் பொருளைப் பழக்கியிருந்தோம்.

மறு ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தபோது இந்த வியாழக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று 2021 மார்ச்சில் ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தை விவசாயி ஒருவருக்குக் கைப்பேசியில் அனுப்பி உறுதிசெய்யும்படி கேட்டது. அவர் 👍 மட்டும் அனுப்பினார். விதை வந்து சேரவில்லை. பார்த்துவிட்டேன் என்ற பொருளில்தான் அனுப்பினேன் என்றார் விவசாயி. நீதிமன்றம் 2023 ஜூனில் அதை ஒப்பந்தத்துக்கான சம்மதமாகவே கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதில் என்னைக் கவர்ந்தது தொகை அன்று. அதே இருவருக்கும் இடையே முன்பு போட்ட ஒப்பந்தங்களும் இப்படிக் கைப்பேசியில் ஓரிரு சொல் பதிலாலேயே உறுதியாகி நிறைவேறியிருந்தன என்பதை நீதிமன்றம் எடைபோட்டது. அதாவது, குறியின் பொருளை அந்த இருவரின் முந்தைய பழக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது.

எங்கள் பிரிவில் இதற்காகச் சேர்த்த வரி இதுதான்: "நாள், நேரம், விலை, முகவரி, சம்மதம் ஆகிய ஐந்தில் எதைப் பற்றிய கேள்விக்கும் எமோஜி பதிலாகாது, அந்த ஐந்தையும் சொல்லால் எழுத வேண்டும்." ஒட்டும் எமோஜிகளை வாடிக்கையாளரின் கேள்விகள்மேல் முழுமையாகத் தடைசெய்தோம், அவர் நன்றி சொல்லும்போது மட்டும் ஒட்டலாம். டெக்னீஷியன்களின் வசதி பறிபோகக் கூடாது என்பதற்காக, "பார்த்துவிட்டேன், அலுவலகம் உறுதிசெய்யும்" என்ற சேமித்த பதிலை அவர்களுக்குத் தந்தோம். முதல் சில வாரங்கள் முணுமுணுப்பு இருந்தது. இப்போது புதிதாகச் சேருகிறவருக்குப் பழைய டெக்னீஷியன்களே இதைச் சொல்லித் தருகிறார்கள்.

✅ இன்னும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதன் இடம் சுருங்கிவிட்டது. உதிரிபாக விலைப் பட்டியல் அனுப்பும்போது, செய்திக்கு ஒன்று என்ற விதியை மறந்து ஒவ்வொரு வரியின் முன்னும் ✅ போடும் வழக்கம் எங்களிடம் வளர்ந்திருந்தது. பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, திரையை வாசிக்கும் செயலி ஒவ்வொரு குறிக்கும் அதன் முழுப் பெயரையும் ஒலிக்கிறது என்றும், பன்னிரண்டு வரிப் பட்டியலில் விலைகள் அந்தப் பெயருக்கு நடுவில் தொலைந்துபோகின்றன என்றும் விளக்கினார். என் கைப்பேசியில் அந்த வசதியை இயக்கி எங்கள் பட்டியலைக் கேட்டேன்; நான்காவது வரிக்குமேல் எனக்கும் விலை நினைவில் நிற்கவில்லை. அவர் சுட்டிக்காட்டாமல் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதன்பின் பட்டியலுக்கு வரிசை எண் மட்டும் இடுகிறோம். வேலை முடிந்த செய்தியின் கடைசியில் ஒரே ஒரு ✅ வரலாம்.

குறுஞ்செய்தியில் எமோஜியே கூடாது என்ற விதிக்குக் காரணம் கணக்கு. வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு ஆங்கில எழுத்தில் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். வெறும் ஆங்கில எழுத்தாக இருந்தால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். அதில் ஒரு எமோஜி நுழைந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோடு முறைக்கு மாறி, இடம் 70 ஆகக் குறையும். நீண்ட செய்தியாகப் பிரியும்போது ஒரு துண்டுக்கு 67தான். எங்கள் வருகை அறிவிப்பு 148 எழுத்து. அதன் கடைசியில் ஒரு இடைவெளியும் 🙏-ம் சேர்த்தால், எமோஜிக்கு இரண்டு இடம் என்பதால் 151 ஆகும்; அது மூன்று துண்டாகப் பிரிந்து மூன்று குறுஞ்செய்திகளின் கட்டணம் ஆகும். தமிழில் அனுப்பினால் தொடக்கத்திலிருந்தே 70தான் என்பதால் இந்தத் திடீர்த் தாவல் இல்லை. எனினும், இருக்கும் சிறிய இடத்தை எமோஜிக்குத் தர எனக்கு மனமில்லை.

🙏 எங்கள் ஊரில் தேவையான எமோஜி. வணக்கம், நன்றி ஆகிய இரண்டையும் அது நன்றாகச் சுமக்கிறது. மூத்தவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள். ஆனால் மறுப்புச் செய்தியில் அதன் முகம் மாறிவிடுகிறது. "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் மோட்டாரை இலவசமாக மாற்றித் தர இயலாது 🙏" என்ற செய்தியைப் பெறுகிறவருக்கு, இனிமேல் பேச வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்புவதைப்போல் தோன்றுகிறது. இப்படி ஒருவர் என்னிடம் நேரிலேயே வருந்தினார். அதனால் மறுப்பு, தாமதம், விலை உயர்வு, மன்னிப்பு ஆகியவற்றைச் சொல்லும் செய்திகளில் எமோஜி எதுவும் இல்லை. மறுக்கும் இடத்தில் அடுத்து என்ன செய்யலாம் என்பதை ஒரு வாக்கியமாக எழுதச் சொல்கிறோம். மேற்சொன்ன செய்தி இப்போது, மோட்டாரைச் சீர்செய்ய ஆகும் செலவைப் பார்த்துச் சொல்ல டெக்னீஷியனை அனுப்பலாமா என்ற கேள்வியோடு முடிகிறது.

🎉, ❤️ இரண்டும் யாரும் கேளாமலே வழக்கொழிந்தன. இன்றைய பட்டியலில் ஐந்து இருக்கின்றன: 🙏 ✅ 📦 🔧 📍.

மாதம் ஒருமுறை முப்பது உரையாடல்களை எடுத்து, எமோஜி வரும் ஒவ்வொரு செய்தியிலும் அதை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கிறேன். மறைத்தபின் செய்தி முழுமையாகப் புரிந்தால் சரி. பொருள் குறைந்தால் எழுதியவரோடு உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் திருத்துகிறோம். பதினான்கு பேர் இருக்கும் இடத்தில் இது முடிகிறது. நூறு பேர் உள்ள நிறுவனத்தில் கையால் போட வேண்டும் என்ற விதியையும் இந்தச் சரிபார்ப்பையும் இதே வடிவில் நடத்துவது கடினம்.

இன்னும் தீராத ஒன்று எங்கள் விற்பனை முகவர்கள். அவர்கள் தங்கள் சொந்த எண்ணிலிருந்து, எங்கள் நிறுவனப் பெயரைச் சொல்லி, தங்கள் விருப்பப்படி எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றரைப் பக்கத்தையும் கொடுத்துப் பயனில்லை என்பதால், அடுத்த திருத்தத்தில் நாள், நேரம், விலை, முகவரி, சம்மதம் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் முகவர் ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன்.