சத்தம் வருது, படம் கருப்பு: ஆக்சிலரேஷனை அணைப்பதா, கேபிளை மாற்றுவதா?

படம் ஓடுகிறது, வசனம் கேட்கிறது, சப்டைட்டிலும் கீழே வந்து போகிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கருப்பு. மேக் மடிக்கணினியை யு.எஸ்.பி டாக் வழியாக வெளித்திரையில் மாட்டிய அன்றிலிருந்து எனக்கு இந்தக் கூத்துதான்.

எல்லோரும் சொல்லும் வைத்தியம், வீடியோ வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை பிரவுசரில் அணைப்பது. இன்னொன்று, டாக்கை விட்டுவிட்டுத் திரையை நேரடி கேபிளில் மாட்டுவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன்.

எதைச் செய்வதற்கும் முன்னால் ஒரு சோதனை. நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புரிமைப் பூட்டு இல்லாத சாதாரண வீடியோ ஒன்றை அதே பிரவுசரில், அதே திரையில் ஓட்டுங்கள். அதுவும் கருப்பாக வந்தால் கோளாறு கிராபிக்ஸ் பக்கம். டிரைவரையோ பிரவுசரையோ புதுப்பிக்க வேண்டியிருக்கும். அது ஒழுங்காக ஓடி, கட்டணச் சேவையின் படம் மட்டும் கருத்தால் காரணம் காப்புரிமைப் பூட்டு. அடுத்து டாக்கைக் கழற்றிவிட்டு, பக்கத்தை ரீலோட் செய்து மடிக்கணினியின் சொந்தத் திரையில் பாருங்கள். எனக்கு அங்கே படம் பளிச்சென்று வந்தது. ஆக, வழியில்தான் தடை.

என் டாக்கில் வெளித்திரைக்கான மென்பொருளை நிறுவியபோது, அது திரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்டது. அப்போது யோசிக்காமல் சரி என்று தட்டிவிட்டேன். விஷயமே அதில்தான் இருந்தது. இந்த வகை டாக், கணினித் திரையில் இருப்பதை மென்பொருளால் படம் பிடித்து, சுருக்கி, யு.எஸ்.பி வழியாக அனுப்புகிறது. பூட்டுப் போட்ட வீடியோ கிராபிக்ஸ் சிப் வழியாக, பாதுகாக்கப்பட்ட பாதையில் வரும்போது, திரையைப் படம் பிடிக்கும் எந்த நிரலுக்கும் அது கருப்பாகத்தான் தெரியும். திருட்டுப் பதிவைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, பாவம், டாக்கையும் திருடன் என்று நினைக்கிறது. ஒலிக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது. அதனால் சத்தம் மட்டும் தப்பித்து வந்துவிடுகிறது.

ஆக்சிலரேஷனை அணைப்பது அரை நிமிட வேலை. குரோமில் `chrome://settings/system` பக்கத்தில் `Use graphics acceleration when available` என்பதை அணைத்து, `Relaunch` அழுத்தினால் போதும். இனி வீடியோவைப் பிரிக்கும் வேலையை பிராசஸரே செய்கிறது. படம் சாதாரணச் சன்னலைப் போல வரையப்படுவதால் டாக்குக்கும் தெரிகிறது. செலவில்லை, உடனே பலன். இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அப்புறம் வருவதுதான் தொல்லை. இந்த அமைப்பு முழு பிரவுசருக்கும் சேர்த்துத்தான். படம் பார்க்க மட்டும் தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒன்றில் அணைத்தால் எல்லாவற்றிலும் அணைகிறது. வரைபடத்தைப் பெரிதாக்கினால் திக்கித் திக்கி நகர்ந்தது. வீடியோ அழைப்பில் பேசும்போதே மடிக்கணினியின் அடிப்பாகம் சுட்டது, பேட்டரியும் வேகமாக இறங்கியது. சரி, வேலைக்கு ஆன் செய்வோம், படத்துக்கு ஆஃப் செய்வோம் என்றால், ஒவ்வொரு முறையும் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். ஒரு வாரம் செய்தேன். பிறகு எந்த நிலையில் விட்டோம் என்பதே மறந்து, `chrome://gpu` பக்கத்தில் `Video Decode` வரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

நேரடி கேபிளில் இந்த நித்திய பராமரிப்பு இல்லை. யு.எஸ்.பி-சி துளையிலிருந்து எச்.டி.எம்.ஐ கேபிள் திரைக்குப் போகிறது. கிராபிக்ஸ் சிப் நேராகத் திரையோடு பேசுகிறது. இரண்டும் எச்.டி.சி.பி என்ற நகல் தடுப்புக் கைகுலுக்கலை முடித்துக்கொண்டதும் படம் வருகிறது. ஆக்சிலரேஷன் ஆனிலேயே இருக்கிறது. டாக்கைத் தூக்கிப் போடவில்லை. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது போதும், திரையை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு எச்சரிக்கை: நடுவில் பழைய வி.ஜி.ஏ அடாப்டர் இருந்தால் அந்தக் கைகுலுக்கல் நடக்காது. 4கே படத்துக்கு எச்.டி.சி.பி 2.2 கேட்பார்கள், என் திரை 1080பி என்பதால் அந்த அனுபவம் எனக்கில்லை.

கேபிள் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒரே ஒரு வெளித்திரையை மட்டும் நேரடியாக ஏற்கும் மாடல்கள் உண்டு. எம்1 மேக்புக் ஏர் அப்படித்தான். இரண்டு திரை கட்டாயம் என்பவர்கள் இந்த டாக்கை வாங்குவதே அதற்காகத்தான். அவர்களுக்கு நான் சொல்வது: தினசரி பிரவுசரைத் தொடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் போல இன்னொன்றை நிறுவி, அதில் மட்டும் ஆக்சிலரேஷனை அணைத்து, படத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இப்படி ஓடும்போது சில சேவைகள் படத்தின் தரத்தைக் குறைத்து அனுப்பும். முகங்கள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் இணைய வேகத்தைத் திட்டாதீர்கள்.