மூளைக்குத் தெரியுது, மனசு ஏத்துக்க மாட்டேங்குது: சுயவசைக்கு மூன்று வழிகள்

எண்ணப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, தாளை உங்கள் பக்கம் தள்ளி, “இதெல்லாம் மூளைக்குத் தெரியுது, மனசுதான் ஏத்துக்க மாட்டேங்குது” என்று கிளையன்ட் சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள்? நான் ரொம்ப நாள் செய்தது, இன்னும் வலுவான சான்று ஒன்றைத் தேடியது. அது அநேகமாக வேலைக்கு ஆகாது. அந்த இடத்தில் நம் கையில் இருக்கும் மூன்று வழிகளை, அதாவது சிபிடியின் எண்ணப் பதிவேடு, உணர்வு மையச் சிகிச்சையின் இரண்டு நாற்காலி, பரிவு மையச் சிகிச்சை என்கிற சிஎஃப்டி, மூன்றையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்கிறேன். அந்த ஆள் நிஜமல்ல, பலரைக் கலந்து நான் உருவாக்கியவர்.

அவருக்கு 34 வயது, கணக்குப் பிரிவில் வேலை. போன மாத எண்களோடு ஓர் அறிக்கையை அனுப்பிவிட்டார். மேலாளர் “திருத்தி அனுப்புங்க” என்று ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். இவருக்கு மூன்று இரவு தூக்கமில்லை. உள்ளே ஓடிய வாக்கியம்: “நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்றே?” அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். “நீ எதுக்கு வேலைக்கு வர்றே” என்றால் அது வெறும் கோபம். ‘எல்லாம்’ சேர்ந்ததும் அது இளக்காரம் ஆகிவிடுகிறது. தவறு செய்தேன் என்கிற குற்ற உணர்வு, நானே ஒரு தவறு என்கிற அவமானமாக மாறும் இடம் அதுதான்.

முதலில் பதிவேடு. அவர் நன்றாகவே எழுதினார்: எட்டு வருடத்தில் இது இரண்டாவது தவறு, திருத்தப் பத்து நிமிடம் ஆனது, யாரும் திட்டவில்லை. “நான் லாயக்கற்றவள்” என்ற நம்பிக்கை 90-லிருந்து 70-க்கு இறங்கியது, அவமானம் 85-லிருந்து 80-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம், இரண்டு நிமிடம் போதும். மாற்று எண்ணத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், ஆனால் உள்ளே அது எந்தக் குரலில் கேட்கிறதோ அதே குரலில். இவர் படித்தது இப்படி: “எட்டு வருஷத்துல ரெண்டே தப்பு. இதுக்குப் போய் இப்படி உட்கார்ந்திருக்கே பாரு.” சமாதானத்துக்கு எழுதிய வரியே இன்னொரு பிரம்பு ஆகிவிட்டது.

சிஎஃப்டி பிறந்ததே இந்த இடத்தில்தான். இங்கிலாந்தின் மருத்துவ உளவியலாளர் பால் கில்பர்ட், தன்னிடம் வந்தவர்கள் நல்ல மாற்று எண்ணங்களைச் சொல்வதையும், அவற்றை உள்ளே குளிர்ந்த, எரிச்சலான தொனியில் கேட்பதையும் கவனித்தார். தர்க்கத்தில் குறையில்லை, தொனியில்தான் சிக்கல் என்பது அவர் முடிவு.

அதற்காகப் பதிவேட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கிளையன்டின் பயம் “வேலை போயிடும்” போன்ற ஒரு கணிப்பாக இருந்தால், சுயவசை மிதமாக இருந்தால், பதிவேடு வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்யும். அங்கே பரிவுப் பயிற்சியை நுழைப்பது சுற்றி வளைப்பது. தொனிச் சோதனையில் குரல் சாதாரணமாக வந்தால் நான் சிபிடியோடே போய்விடுவேன்.

அப்புறம் இரண்டு நாற்காலி. லெஸ்லி கிரீன்பெர்க் வளர்த்தெடுத்த வழி. ஒரு நாற்காலியில் விமர்சகர், எதிரே அந்த வசவை வாங்கும் ‘நான்’. இதன் பலம், தாளில் ஒருநாளும் வராத இளக்காரம் முகத்தில் வந்துவிடும். இவர் விமர்சகர் நாற்காலிக்கு மாறியதும் உதடு ஒரு பக்கம் கோணியது, முகவாய் மேலே போனது. எதிர் நாற்காலிக்கு மாறும்போது நாம் எதிர்பார்ப்பது முதலில் வலி, பிறகு “என்கிட்ட அப்படிப் பேசாதே” என்ற நியாயமான கோபம், அதைக் கேட்டு விமர்சகர் தானாக இளகுவது. பலருக்கு அது நடக்கும், நடந்தால் அதைவிட அழகான செஷன் இல்லை. இவருக்கு நடக்கவில்லை. தோள் சரிந்தது, கண் தரைக்குப் போனது, “அது சொல்றது சரிதானே” என்றார். உணர்வு மையச் சிகிச்சையில் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சரிவோடு வேலை செய்யும் வழிகள் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாராலும் ஆறுதல்படுத்தப்பட்ட நினைவே இல்லாத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால், அங்கிருந்து எழுந்து பேச உள்ளே ஆளே இல்லாமல் போகலாம்.

சிஎஃப்டியின் வித்தியாசம், அந்த ஆளை முதலில் தயார் செய்துவிட்டுத்தான் நாற்காலியைப் போடுவது. கில்பர்ட்டின் விளக்கத்தில் உணர்வுகளை மூன்று அமைப்புகள் நடத்துகின்றன: ஆபத்தைக் கவனிப்பது, அடைய ஓடுவது, அமைதிப்படுத்துவது. விமர்சகரும் வசவு வாங்குபவரும் இரண்டு பேருமே ஆபத்து அமைப்புக்குள்தான் நிற்கிறார்கள், ஒருவர் அடிக்கிறார், ஒருவர் குறுகுகிறார். மூன்றாவது அமைப்பிலிருந்து பேச ஒரு குரல் வேண்டும். (இந்த மூன்று வட்டங்கள் பாடம் சொல்லித்தரும் கோட்டோவியம்தான், மூளையின் வரைபடம் அல்ல, கிளையன்டிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.)

தொடக்கம் மூச்சு. இரண்டு பாதமும் தரையில், முதுகு நிமிர்ந்து, நண்பரைப் பார்க்கும் முகம். உள்ளே ஐந்து விநாடி, வெளியே ஐந்து அல்லது ஆறு, நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு. எண்ணைத் துரத்த விடாதீர்கள், துரத்தினால் அதுவும் ஒரு பரீட்சையாகி “இதுகூட எனக்கு வரலை” என்று முடியும். மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்கள் கண்ணைத் திறந்து, கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கட்டும்.

அடுத்தது பரிவான சுயம். இதை ஒரு நடிகர் பாத்திரத்துக்குள் போவதைப் போலத்தான் செய்யச் சொல்ல வேண்டும். “உங்களுக்குள் அப்படி ஒருவர் இருக்கிறாரா” என்று கேட்டால் இல்லை என்பார்கள், “இருந்தால் எப்படி உட்காருவார், எப்படிப் பேசுவார்” என்று கேட்டால் உடம்பு நகரும். மூன்று குணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்: நம் மூளையும் வளர்ப்பும் நாம் தேர்ந்தெடுத்ததல்ல என்று தெரிந்த ஞானம், வலிக்கு முன்னால் நிற்கும் திடம், உதவ வேண்டும் என்ற உறுதி. பலரும் திடத்தை விட்டுவிட்டு வெறும் இதத்தை ஏற்றுவார்கள், அப்போது வரும் குரல் குழைந்துபோய் விமர்சகரிடம் ஒரே அடியில் விழும். சொல்லிலும் கவனம் வேண்டும். ‘கருணை’ என்றால் மேலிருந்து கொடுப்பது போலக் கேட்கிறது, ‘பாவம்’ என்றால் பரிதாபம். நான் ‘பரிவு’ என்றே சொல்கிறேன். அதுவும் ஒட்டாத கிளையன்டிடம் “பக்கத்தில் நிற்கிற குரல்” என்று சொன்னால் போதும்.

இந்தப் பயிற்சி இரண்டு மூன்று செஷனாவது ஊறிய பிறகு மூன்று நாற்காலி. விமர்சகர் பேசட்டும், வசவு வாங்கியவர் பேசட்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, மூச்சுக்கு வந்து, பரிவான சுயமாக மூன்றாவது நாற்காலிக்குப் போகச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை அவசரப்படுத்தினால் விமர்சகரே மாறுவேடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். இவருக்கு முதல் தடவை அதுதான் நடந்தது: “சரி விடு, இனிமே ரெண்டு தடவை பார்த்துட்டு அனுப்பு.” வார்த்தை நல்ல வார்த்தைதான், ஆனால் சுட்டு விரல் நீண்டிருந்தது, உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. அறிவுரை முதலில் வந்தால் சந்தேகப்படுங்கள். நான் செய்தது நிறுத்தி, விரலைக் காட்டி, மறுபடி மூச்சுக்குக் கூட்டிப்போனது. இரண்டாவது முறை கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, பிறகு “மூணு நாளா நீ தூங்கவே இல்லல்ல” என்றார். அது பரிவு. வலியைப் பார்ப்பது முன்னால், திருத்துவது பின்னால்.

அதே நாற்காலியிலிருந்து விமர்சகரையும் பார்க்க வைக்க வேண்டும். கேள்வி ஒன்றுதான்: “என்னைத் திட்டுறதை நீ நாளையிலிருந்து நிறுத்திட்டா, என்ன ஆகும்னு பயப்படுறே?” இவர் விமர்சகராக மாறிச் சொன்ன பதில்: “நீ அசந்து போயிடுவே, எல்லாரும் உன்னை விட்டுட்டுப் போயிடுவாங்க.” இளக்காரத்துக்கு அடியில் இருந்தது பயம். அதற்குப் பிறகு விமர்சகரோடு சண்டை போட வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

ஆனால் எல்லா விமர்சகரும் இப்படிப் பயந்த காவலாளி அல்ல. சுயவசையின் வடிவங்களை அளக்க கில்பர்ட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட 22 கேள்விப் படிவம் இருக்கிறது. அது ‘போதாத நான்’, ‘வெறுக்கப்படும் நான்’, ‘ஆறுதல் சொல்லும் நான்’ என்று மூன்றாகப் பிரிக்கும். நம் ஆளுக்கு முதலாவதுதான் உயரம். இரண்டாவது உயரமாக வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தற்காயம், தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அந்தக் குரல் துன்புறுத்திய ஒருவரின் குரலாகவே இருந்தால், அதன் பயத்தைப் புரிந்துகொள்ளச் சொல்வது கொடுமை. அங்கே பரிவான சுயத்தின் வேலை நடுவில் நின்று தடுப்பது.

இன்னொரு சிக்கல், பரிவே சிலருக்கு ஆபத்தாகத் தெரிவது. இதமான குரல் கேட்டதும் அழுகை, கோபம், மரத்துப்போதல், சில சமயம் “போதும், நிறுத்துங்க.” அன்பு கிடைத்த இடத்திலேயே அடியும் கிடைத்தவர்களுக்கு இது இயல்பு. இதைத் தோல்வி என்று நினைத்து சிகிச்சையை மாற்றிவிடாதீர்கள், அளவை மாற்றுங்கள். முதலில் பிறர் மீது பரிவு, பிறகு பிறரிடமிருந்து பெறுவது, தன் மீது கடைசியில், அதுவும் முப்பது விநாடி. வரும் துக்கத்துக்கு இடம் கொடுங்கள், பெரும்பாலும் அதுதான் சிகிச்சையே.

சான்று பற்றி ஒரு வார்த்தை. கில்பர்ட்டும் புரோக்டரும் 2006-இல் வெளியிட்ட முதல் முயற்சியில் 12 செஷன் பயிற்சியை முடித்தவர்கள் ஆறே பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதற்குப் பிறகு ஆய்வுகள் பெருகியிருக்கின்றன, சுயவசை குறைகிறது என்ற பக்கமே சாய்கின்றன. ஆனால் சிபிடியோடு நேருக்கு நேர் வைத்து இதுதான் மேல் என்று தீர்ப்பு எழுதும் அளவுக்கு நான் போக மாட்டேன். அதனால் என் வரிசை இது: முதலில் பதிவேடு, தொனிச் சோதனையில் பிரம்பு தெரிந்தால் சிஎஃப்டி. எதிர்த்து நிற்கும் கோபம் ஏற்கெனவே கண்ணில் மின்னுகிறவருக்கு மட்டும் நேராக இரண்டு நாற்காலி.

நம் ஆள் பதினோராவது செஷனில் இன்னொரு தவறோடு வந்தார், இந்த முறை ஒரு பின்னிணைப்பை விட்டுவிட்டார். உள்ளே என்ன கேட்டது என்றேன். “மறுபடியும் பார்க்காம அனுப்பிட்டியே.” அவமானம் எவ்வளவு? 40. குரல் இன்னும் கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ‘எல்லாம்’ இல்லை. பழைய பதிவேட்டை எடுத்து, மூச்சுக்கு வந்து, அதே மூன்று வரிகளை மறுபடி படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியில் நிறுத்தி, “இதை நான்தான் எழுதினேனா?” என்று கேட்டார்.