அறிக்கை போய்ச் சேரவில்லை என்றால்: மாற்றுச் சேனலா, பதிவேடா?

இரவு பேக்கப் முடிந்ததும் அதன் சுருக்க அறிக்கை மெயிலில் வரவேண்டும். மெயிலே போகாவிட்டால்? உடனே சாட் குழுவுக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ தாவலாம். இல்லையென்றால், கிடைக்கவில்லை என்பதைக் குறித்துவைத்து அடுத்த அறிக்கையில் சொல்லலாம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றைத்தான் வைக்கமுடியும் என்றால் என் ஓட்டு பதிவேட்டுக்கு.

மாற்றுச் சேனல் வேகமானது, அதில் மறுப்பில்லை. ஆனால் எப்போது தாவவேண்டும் என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியவேண்டுமே! பாஸ்வேர்டு மாறி மெயில் சர்வர் 535 என்று மறுத்தால் சரி, உடனே தெரிந்துவிடும். 250 என்று பதில் வந்தாலோ, அந்த சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். அதே மெஷினில் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் வழியாக அனுப்பினால் இன்னும் மோசம். அது உடனே வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும். வெளியே போகமுடியாவிட்டால், இயல்பு அமைப்பில் 5 நாள்வரை முயன்றுவிட்டுத்தான் திருப்பும். திரும்பிய மெயிலும் பெரும்பாலும் அதே மெஷினில் யாரும் திறக்காத root பெட்டியில் விழும். அதுவரை ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை எல்லாம் சுபம்.

சாட் பக்கமும் இப்படித்தான். வெப்ஹுக் முகவரி செத்துப்போய் 404 வந்தாலும், `-f` போடாத `curl` வெற்றி என்றே முடியும். டிஎன்எஸ் விழுந்துவிட்டால் இரண்டு சேனலும் சேர்ந்தே போகும். எஸ்எம்எஸ்ஸை நான் கொஞ்சம்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பதிவேட்டில் முக்கியம் வரிசை: அனுப்புவதற்கு முன்பே எழுதவேண்டும். நடுவில் ஸ்கிரிப்ட் செத்தாலும் வரி நிற்கும்.

```
echo "$(date -I) pending $RESULT" >> ledger
curl -fsS -m 10 --data-binary @report.txt "$URL" \
  && echo "$(date -I) sent" >> ledger
```

`sent` என்பதோடு கணக்கை முடிக்கக்கூடாது. அறிக்கையில் ஒரு லிங்க் வையுங்கள். படித்தவர் அதை அழுத்தினால்தான் `received` என்ற வரி சேரவேண்டும். 12-ஆம் தேதி ஒரு டேட்டாபேஸ் பேக்கப் ஆகவில்லை, அறிக்கையையும் யாரும் பார்க்கவில்லை என்று வையுங்கள். 13-ஆம் தேதி ஸ்கிரிப்ட் பதிவேட்டைப் படித்து முதல் வரியிலேயே இப்படிப் போடும்: "12: அறிக்கை பெறப்படவில்லை. முடிவு: 3-இல் 1 தோல்வி." பேக்கப் தவறியதா, செய்தி மட்டும் தவறியதா என்பது பிரிந்துவிடும். `$RESULT` அந்த வரியிலேயே இருப்பது இதற்குத்தான். அது இல்லாவிட்டால் நல்ல பேக்கப்பையே திரும்ப ஓட்டுவோம். இல்லாத பேக்கப்பை நம்பி உட்கார்ந்திருப்போம்.

குறையும் உண்டு. தகவல் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். டிஸ்க் நிறைந்தால் பதிவேட்டிலும் எழுதமுடியாது. பேக்கப் மெஷினில் அது அபூர்வமும் இல்லை. அதனால் வேறொரு மெஷினிலிருந்து ஒரு சின்ன காவல் வேண்டும்: காலை 7 மணிக்குள் `received` வரவில்லையென்றால் அது கூப்பிடும். மாற்றுச் சேனலுக்கு நான் கொடுக்கும் வேலை அது ஒன்றுதான்.