மகுடமா, அந்தாதியா: பா மாறும் நெடுங்கவிதையை எதைக் கொண்டு கோப்பது?

ஏரி ஒன்று நிரம்பி வற்றும் ஓராண்டை 24 பகுதிகளாக எழுதினேன். வெண்பா, அகவல், சிந்து, புதுக்கவிதை என நான்கு வடிவங்கள் மாறி மாறி வரும். தனித்தனியாகப் பார்த்தால் பகுதிகள் நன்றாகவே இருந்தன. சேர்த்துப் படித்தால் 24 கவிதைகளாக நின்றனவே தவிர ஒரு கவிதையாகவில்லை. அதைச் சரிசெய்ய முதலில் மகுடத்தை முயன்றேன், அப்புறம் ஒரு பகுதி முடியும் சொல்லிலேயே அடுத்ததைத் தொடங்கும் அந்தாதிக்கு மாறினேன். இப்போது அந்தாதி பக்கம்தான் நிற்கிறேன்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஒரே பாத்திரத்தையோ படிமத்தையோ எல்லாப் பகுதிகளிலும் நடமாட விடுவது. அது வேண்டியதுதான், ஆனால் போதாது. அந்த ஒருமை முழுதும் படித்து முடித்த பிறகே வாசகருக்குப் புலப்படும். ஆறாம் பகுதியிலிருந்து ஏழுக்குப் போகும்போது காலடியில் பலகை இருக்காது.

மகுடம் என்றால் ஒவ்வொரு பகுதியும் ஒரே அடியில் முடிவது. நான் எடுத்துக்கொண்ட அடி: ‘கரைமட்டும் காவல் நமக்கு.’ வெண்பாவின் ஈற்றடிக்கு இது அச்சாகப் பொருந்தும். மூன்று சீர், கடைசிச் சீர் பிறப்பு வாய்பாடு. சிக்கல் அகவலில் தொடங்கியது. அங்கே அடிக்கு நான்கு சீர் வேண்டும், அதிலும் ஈரசைச் சீர்கள்தான் இயல்பாக ஓடும். ‘கரையே காவல் நமக்கினி என்றும்’ என்று மாற்றினேன். ‘மட்டும்’ போய்விட்டது. அந்தச் சொல்லில்தான் அடியின் வலியே இருந்தது. சிந்துக்கு வந்தபோது தாளத்துக்காக இன்னொரு முறை வளைத்தேன். பத்தாம் பகுதிக்குள் என் மகுடம் மூன்று வேறு அடிகளாகிவிட்டது.

அப்போதுதான் பழைய நூல்களின் அமைப்பைக் கவனித்துப் பார்த்தேன். ஒரே அடியில் முடியும் பதிகங்கள் பெரும்பாலும் ஒரே யாப்பில் நடப்பவை. பாக்கள் கலந்து வரும் மும்மணிக்கோவை, நான்மணிமாலை, கலம்பகம் ஆகியவையோ அந்தாதியாகத் தொடுக்கப்படுபவை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். ஒரு முழு அடிக்குத் தனக்கென்று ஒரு யாப்பு இருக்கிறது. அது வேறு பாவுக்குள் முட்டும். ஒற்றைச் சொல் எந்தப் பாவுக்குள்ளும் நுழையும்.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க பாரதியின் விநாயகர் நான்மணிமாலை போதும். வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் என்று சுழன்று வரும் 40 பாட்டுகள். முதல் வெண்பா ‘காப்புநீ யே’ என்று முடிகிறது. கடைசிச் சீர் ‘யே’ என்ற ஓரசை மட்டும். அடுத்த கலித்துறை ‘நீயே சரணம்’ என்று எழுகிறது. அங்கே சீர் எல்லையில் பிளந்து கிடந்த சொல், இங்கே ஒரு முழுச் சீராகிவிடுகிறது. கலித்துறை ஏகாரத்தில் முடிய வேண்டும் என்பது விதி. ஆகவே ‘செய்குவனே’ என்று முடிகிறது. விருத்தம் அந்தச் சொல்லை அப்படியே தூக்காமல் ‘செய்யும் தொழில்’ என்று வேரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விருத்தத்தின் ‘கற்பகமே’ அகவலில் ‘கற்பக விநாயகக் கடவுளே’ ஆகிறது. நான்கு பாவுக்குள் ஒரு தொடுப்பு முழுச் சொல்லாகவும், ஒன்று வேராகவும், ஒன்று அடைமொழியாகவும் வந்துவிட்டது. இவ்வளவு நெகிழ்ச்சி இருக்கிறது என்று தெரிந்ததும் என் பயம் போயிற்று.

என் ஏழாம் பகுதி வெண்பா. ‘மடைதிறந்தால் பாயுமோ நீர்’ என்று முடியும். எட்டாம் பகுதி அகவல். ‘நீர்க்கட்டி வந்தான் நெடுங்கோல் ஊன்றி’ என்று தொடங்கும். பாசனம் பங்கிடும் மனிதர் அந்தச் சொல்லுக்குள்ளிருந்தே வந்துவிட்டார். தொடுப்பு பிழைக்கிறதா என்று பார்க்க நான் செய்வது இது: ஒரு பகுதியின் கடைசி அடியையும் அடுத்ததன் முதல் அடியையும் மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளில் அசையாமல் நின்றால் அது வெறும் கொக்கி. கொஞ்சமாவது நகர்ந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

சரி, இனி பராமரிப்புக்கு வருகிறேன். நெடுங்கவிதை எழுதுபவர் எவரும் பாதியில் சில பகுதிகளை வெட்டியாக வேண்டும். மகுடக் கவிதையில் எதை வெட்டினாலும் மற்றவை அசையாது, இடம் மாற்றவும் எளிது. அந்தாதியில் ஒன்றை எடுத்தால் சங்கிலி அறும். இது மகுடத்துக்கு உண்மையான பலம்.

ஆனால் எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பொறுத்தே வேலை கூடும், குறையும். ஒன்பதாம் பகுதி, மீன்பிடிக்கும் சிந்து, நீளமாக இருந்ததால் எடுத்துவிட்டேன். எட்டாம் பகுதி அகவல் ‘வலையே’ என்று முடிந்திருந்தது. பத்தாம் பகுதி வெண்பா ‘மீன்’ என்று தொடங்கியது. அகவலுக்கு அடி வரம்பு மேலே கிடையாது. ஓரடியைக் கூட்டி, கடைசி இரண்டடிகளைத் திருத்தி, ‘மீனே’ என்று முடித்தேன். கால் மணி நேர வேலை.

பதினாறாம் பகுதியை எடுத்தபோது கதை வேறு. இரு பக்கமும் நேரிசை வெண்பா. பின்னதன் முதற்சொல்லை மாற்றினால் இரண்டாம் அடியின் எதுகையும் தனிச்சொல்லும் சேர்ந்து மாற வேண்டும். முன்னதன் கடைசிச் சொல்லை மாற்றலாம் என்றால் அது நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டுக்குள் அடங்க வேண்டும், முந்தைய சீரோடு தளையும் தட்டக் கூடாது. இரண்டு நாள் போயிற்று. கடைசியில் அந்த இடத்தில் நான்கு வரிப் புதுக்கவிதை ஒன்றை எழுதி வைத்தேன்.

அதிலிருந்து வரிசையையே மாற்றிக்கொண்டேன். இரண்டு இறுக்கமான பாக்களை அடுத்தடுத்து வைப்பதில்லை. ஒவ்வொரு வெண்பாவுக்கும் பக்கத்தில் ஓர் அகவலோ புதுக்கவிதையோ இருக்கும். பழுது எங்கே வந்தாலும் நெகிழ்வான பக்கத்தில் கை வைத்துக்கொள்ளலாம். வேறொரு நன்மையும் கிடைத்தது: இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வந்ததில் படிப்பவருக்கு மூச்சுவிட இடம் வந்தது.

சில இடங்களில் உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. நான் எழுதி முடித்தது இந்த ஒரு நெடுங்கவிதைதான். மேடையில் பலர் சேர்ந்து பாடும் சிந்துகளே அதிகம் என்றால் மகுடமே வெல்லக்கூடும். கூட்டம் கூடவே பாடத் தொடங்கிவிடும் அல்லவா? முழுக்கப் புதுக்கவிதையிலோ உரைநடையிலோ அமைந்த பகுதிகளுக்கு நடுவே அந்தாதி காதில் விழுகிறதா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. என் கவிதையிலேயே அப்படி அடுத்தடுத்து வரும் இரண்டு இடங்களைப் படித்தவர்கள் கவனிக்கவில்லை.

அந்தாதிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பகுதிகளுக்குத் தலைப்பு வைக்காதீர்கள். நான் முதலில் ‘மடை’, ‘கோடை’ என்றெல்லாம் வைத்திருந்தேன். கடைசிச் சொல்லுக்கும் அடுத்த முதற்சொல்லுக்கும் நடுவே தலைப்பு புகுந்து, முந்தைய ஓசையை அடித்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் எண்ணை மட்டும் விட்டேன். கண் ‘8’ஐத் தாண்டிப் போகிறது, வாய் அதைச் சொல்வதில்லை.