மஞ்சள் பையில் கிடந்த பழைய ரிப்போர்ட்

இந்த முறை ஊரில் இருந்த பத்து நாளில் பாதி, கும்பகோணத்துக்கு அலைந்தே போய்விட்டது. அம்மாவுக்கு 67 வயது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வலிக்கும். திருவிடைமருதூர் டாக்டர் ஒரு சீட்டில் வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினோம், பத்தரை மணிக்கெல்லாம் ரிப்போர்ட் கையில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து போன எனக்கு அந்த வேகம் ரொம்பப் பிடித்தது. சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருந்தது.

கடைசியில், முடிவைச் சொல்லும் இம்ப்ரஷன் பகுதியில் இரண்டே வரி. முதலாவது, பித்தப்பையில் கற்கள், அழற்சிக்கான அறிகுறி இல்லை. வலிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்பது எனக்கே புரிந்தது. இரண்டாவது, கல்லீரலின் வலப்பக்கம் 18 மி.மீ. அளவில் வெளிச்சமாக ஒரு புள்ளி, ‘லைக்லி ஹீமாஞ்சியோமா’. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ‘முந்தைய நோயைக் கருதினால் மெட்டாஸ்டாஸிஸ் கேனாட் பி எக்ஸ்க்ளூடட்’ என்று ஒரு வாலும் இருந்தது, அதாவது வேறு இடத்துப் புற்று பரவியதாக இருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது என்று. வாட்ஸாப்பில் படத்தைப் பார்த்த தம்பி சென்னையிலிருந்து போன் செய்து, “அக்கா, அம்மாவுக்கு கேன்சரா?” என்றான்.

முந்தைய நோயா? அம்மாவுக்கு எந்த நோய்? மறுபடி படித்தேன். மேலே ஹிஸ்டரி என்ற இடத்தில் ‘கழுத்துக் கட்டி, ஆபரேஷன் ஆனது’ என்றிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கேட்டபோது அம்மா சொன்னது அது. தைராய்டு வீங்கி எடுத்தார்கள், அது கேன்சர் இல்லை. ஆனால் ‘கட்டி’ என்று எழுதிவிட்டால் படிக்கிறவர் கேன்சர் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் திரும்பப் போய், ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகு அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஹீமாஞ்சியோமா என்பது ரத்தக் குழாய்கள் கொத்தாகச் சேர்ந்த கட்டி, புற்றுநோய் அல்ல, கல்லீரலில் நிறைய பேருக்கு இருக்கும். அதனுள்ளே நிறையச் சுவர்கள் இருப்பதால் ஒலியலை பல இடத்தில் பட்டுத் திரும்பி, திரையில் வெள்ளையாகத் தெரியும். வேறு இடத்திலிருந்து பரவிய சில புற்றுக்கட்டிகளும் அப்படித்தான் தெரியும். அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் உருவத்தைப் பார்த்து ‘லைக்லி’ போட்டார். ஹிஸ்டரியைப் பார்த்து இன்னொரு வரியைச் சேர்த்தார்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். ‘லைக்லி’ என்றால் அவர் முதலில் நினைப்பது அது. ‘கேனாட் பி எக்ஸ்க்ளூடட்’ என்றால் அவர் அதைச் சந்தேகிக்கிறார் என்று அர்த்தமில்லை, இந்தச் சோதனையால் அதை ஒதுக்க முடியவில்லை என்பதுதான். அது எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு ரேடியாலஜிஸ்ட்டும் ஒரு அளவில் எழுதுவார்.

“ஹிஸ்டரி தப்பா இருந்தா அந்த வரியும் மாறும்மா. பழைய பேப்பர் இருக்கா?” என்றார்.

வீட்டில் பீரோ மேலே அம்மா ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். ரேஷன் கார்டு நகலுக்கு அடியில் தைராய்டு ஆபரேஷனின் பயாப்ஸி ரிப்போர்ட் கிடைத்தது, புற்று இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. 2018-இல் எடுத்த வயிற்று ஸ்கேன். அதிலும் அதே இடத்தில் அதே வெள்ளைப் புள்ளி, 17 மி.மீ. “அப்போ சும்மா பார்த்தாங்க, ஒண்ணும் இல்லன்னாங்க,” என்றார் அம்மா, சாதாரணமாக.

இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மி.மீ. வித்தியாசம் அளக்கிற கை மாறினாலே வரும் என்றார். பரவிய புற்று இத்தனை வருடம் அசையாமல் இருப்பது வழக்கமில்லை. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை பி, சி தொற்றோ, கல்லீரல் சுருக்க நோயோ உண்டா என்று கேட்டார். இல்லை. ரிப்போர்ட்டின் கீழே கூடுதல் குறிப்பு எழுதினார்: 2018-உடன் ஒப்பிட்டால் மாற்றமில்லை, லைக்லி ஹீமாஞ்சியோமா. மெட்டாஸ்டாஸிஸ் வரி போய்விட்டது. அந்த வரியோடு முதலில் எடுக்கச் சொல்லியிருந்த, மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் ட்ரிபிள் ஃபேஸ் சி.டி.யும் இப்போது வேண்டாம் என்றார். உண்மையிலேயே கேன்சர் வந்தவராகவோ கல்லீரல் நோயாளியாகவோ இருந்திருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். அந்த மருந்து ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிரம்பினால் ஹீமாஞ்சியோமா என்று உறுதி செய்வார்களாம்.

பித்தக்கல்லுக்கு அறுவை நிபுணரைப் பார்க்க அடுத்த வாரம் தேதி வாங்கினோம். கிளம்புவதற்கு முன் ஒரு ஃபைல் வாங்கி, மேலட்டையில் ‘தைராய்டு வீக்கம், புற்றுநோய் அல்ல, பயாப்ஸி உள்ளே’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அம்மா அதையும் மஞ்சள் பைக்குள் போட்டு, பீரோ மேலேயே வைத்துவிட்டார்.