பழைய ஆபீஸ் கணினிக்கு ‘கிராஃபிக்ஸ் ஏற்றித் தருகிறோம்’ என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை, செய்யாத வேலைக்கும் தவறாகச் செய்த வேலைக்கும் சேர்த்து என்னிடம் 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறது. கடைக்காரர் இன்று காலை முதல் என் அழைப்பை எடுப்பதில்லை. இதே வித்தையை வேறு ஊர்களிலும் எளிதாகச் செய்யலாம் என்பதால், அது எப்படி நடந்தது என்பதை முழுமையாக எழுதுகிறேன்.

கணினி ஒரு அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த சிறிய பெட்டி வகை. ஐ5-3470 பிராசசர், அதற்குள்ளேயே அமைந்த எச்டி கிராஃபிக்ஸ் 2500, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒரே குச்சியாக. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. என் மகள் அதில் மைன்கிராஃப்ட் விளையாட விரும்பினாள். விளையாட்டு திறந்தது, ஆனால் திரும்பும்போதெல்லாம் திக்கித் திக்கி நகர்ந்தது. F3 அழுத்திப் பார்த்தால் நொடிக்கு இருபது ஃபிரேமைச் சுற்றியே நின்றது. இன்னொரு 4 ஜிபி குச்சி போட்டால் போதும் என்று நினைத்துத்தான் கடைக்குப் போனேன். அதைக் கடைக்காரரிடமும் தெளிவாகவே சொன்னேன்.

அவர் கணினியை இயக்கி, திரை அமைப்புகளுக்குள் சென்று, Dedicated Video Memory என்ற வரியைக் காட்டினார். அதில் 32 MB என்று இருந்தது. “பாருங்க சார், முப்பத்திரண்டு எம்பிதான் இருக்கு, இதுல எப்படி கேம் ஓடும்? இதை 512 ஆக்கித் தர்றேன், ரேமையும் எட்டு ஜிபி ஆக்கிடறேன்” என்றார். ரேமுக்கு 2,500, ‘கிராஃபிக்ஸ் அப்கிரேடு’ 2,000, ஆக மொத்தம் 4,500 ரூபாய். மறுநாள் போனபோது அதே திரை அமைப்புகளை என் முன்னால் திறந்து காட்டினார். அதே வரியில் இப்போது 512 MB என்று இருந்தது. பதினாறு மடங்கு உயர்ந்த எண்ணைக் கண்ணாலேயே பார்த்த பிறகு சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கவில்லை. கடையிலேயே தொகையைக் கொடுத்தேன்.

வீட்டில் விளையாட்டு முன்பைவிடச் சற்று மோசமாகவே ஓடியது. தொலைபேசியில் கேட்டதற்கு, “ரெண்டு நாள் ஓடட்டும் சார், செட் ஆயிடும்” என்றார். மின்னணுப் பொருள் ஓடி ஓடிப் பழகுவதற்கு அது புது மிதியடி அல்ல. அடுத்த முறை கேட்டபோது விண்டோஸ் பழையது என்றார். நேரில் போனபோது அவர் இல்லை, கடைப் பையன் மட்டும், “512 காட்டுதுல்ல அண்ணா, அப்புறம் என்ன?” என்று கேட்டான்.

அந்த 512 எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் கோபம் தலைக்கேறியது. ரெஜிஸ்ட்ரியில் இப்படி ஒரு பதிவை உருவாக்கி, அதன் மதிப்பை 512 என்று எழுதி வைத்திருக்கிறார்கள்:

```
HKEY_LOCAL_MACHINE\SOFTWARE\Intel\GMM
DedicatedSegmentSize
```

இந்தப் பதிவு நினைவகம் எதையும் ஒதுக்குவதில்லை. கிராஃபிக்ஸ் நினைவகம் எவ்வளவு என்று கேட்கும் மென்பொருளுக்கு இந்த எண்ணைச் சொல்லும்படி செய்கிறது, அவ்வளவுதான். ‘கிராஃபிக்ஸ் நினைவகம் போதாது’ என்று திறக்கவே மறுக்கும் சில விளையாட்டுகளைத் திறக்க வைக்க இது உதவலாம். ஏற்கெனவே திறக்கும் விளையாட்டின் வேகத்தை ஒரு ஃபிரேம்கூட உயர்த்தாது. சோதித்தும் பார்த்தேன். பதிவை நீக்கிக் கணினியை மறுபடி இயக்கியதும் எண் மீண்டும் 32-க்கு வந்தது; விளையாட்டின் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு நிமிடத்தில் செலவின்றிச் செய்யக்கூடிய இதற்குத்தான் 2,000 ரூபாய்.

உண்மையில் இந்த வகை கிராஃபிக்ஸுக்கு அந்த 32 ஒரு தடையே அல்ல. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. தேவைப்படும்போதெல்லாம் கணினியின் ரேமிலிருந்து ஓட்டுநர் மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே முக்கியமான கேள்வி, ரேமிலிருந்து தரவு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான். பிராசசரும் கிராஃபிக்ஸும் அதே ஒரு வழியில் ரேமை நாடுவதால், வழி குறுகினால் இரண்டுமே காத்து நிற்கின்றன. 1600 வேகமுள்ள ஒரு டிடிஆர்3 குச்சி நொடிக்கு அதிகபட்சம் 12.8 ஜிபி தரும். அதே வகையில் இரண்டு குச்சிகளை உரிய துளைகளில் போட்டால் இரு சேனல்களும் சேர்ந்து 25.6 ஜிபி தரும். நான் இரண்டாவது குச்சி கேட்டதன் நோக்கம் இதுதான்.

அவர் செய்தது என்ன? CPU-Z என்ற இலவச மென்பொருளின் Memory பக்கத்தில் Single என்று இருந்தது. Task Manager-இல் துளைகள் 1 of 4 என்றும் வேகம் 1333 என்றும் காட்டியது. அதாவது என் 1600 குச்சியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேகம் குறைந்த 8 ஜிபி குச்சி ஒன்றைப் போட்டிருக்கிறார். அளவு எட்டு ஆனது உண்மை. வழியின் அகலமோ 12.8-இலிருந்து ஏறத்தாழ 10.6 ஆகச் சுருங்கிவிட்டது. விளையாட்டு முன்பைவிட மோசமானதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. கழற்றிய குச்சியைத் திருப்பித் தரவும் இல்லை, ரசீதில் அதைக் குறிப்பிடவும் இல்லை.

இது என் ஊகம் அல்ல. அலுவலக நண்பர் ஒருவரிடம் 1600 வேகத்தில் இரண்டு 4 ஜிபி குச்சிகளை ஒரு நாளுக்கு இரவல் வாங்கி, கடைக்காரர் போட்டதை எடுத்துவிட்டு, ஒரே நிறமிட்ட இரு துளைகளில் அவற்றைப் பொருத்தினேன். மொத்தம் அப்போதும் அதே 8 ஜிபிதான். CPU-Z-இல் Dual என்று வந்தது. அதே உலகத்தில், அதே இடத்தில் நின்று பார்த்தபோது ஃபிரேம் முப்பதைத் தாண்டியது. பிறகு விளையாட்டின் திரை அளவை 1920×1080-இலிருந்து 1280×720 ஆக்கியதும், வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்து, ரெண்டர் டிஸ்டன்ஸை 6-ஆகவும் கிராஃபிக்ஸை Fast ஆகவும் வைத்தபோது நாற்பதுக்கு மேல் சீராக ஓடியது. எச்டி 2500-இல் இதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஷேடர் போட்டால் மறுபடி படுத்துவிடும்.

இந்த விவரங்களை எல்லாம் படம் எடுத்து அனுப்பிய பிறகு வந்த ஒரே பதில், “நாங்க சொன்ன எட்டு ஜிபி இருக்கா இல்லையா சார்?” என்பது. கிராஃபிக்ஸுக்கு வாங்கிய 2,000 பற்றி ஒரு சொல் இல்லை, என் பழைய குச்சி பற்றியும் இல்லை. 4,500 ரூபாயும் போய், இரவல் குச்சிகளையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யப் போகிறேன். கையால் எழுதிய அந்த ரசீதாவது மிச்சம் இருக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுத இப்போது பொறுமை இல்லை. தனி கார்டு போடாமல் ‘கிராஃபிக்ஸ் மெமரியை ஏற்றுகிறோம்’ என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். கார்டே போட்டதாகச் சொன்னால், பெட்டியின் பின்புறம் கார்டுக்கான துளையில் மானிட்டர் கம்பி செருகப்பட்டிருக்கிறதா, Device Manager-இல் இன்டெல் அல்லாத இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரேம் மாற்றினால் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே CPU-Z-ஐத் திறந்து சேனலையும் வேகத்தையும் பாருங்கள், கழற்றிய குச்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.